கூட்டினால் 1200, ஆனாலும் தப்பு

ஒரு ஜவுளிக்கடை ஜனவரியில் 50 லட்சத்துக்கும் பிப்ரவரியில் 32 லட்சத்துக்கும் விற்றது. எந்த மாதம் வியாபாரம் நன்றாக நடந்தது? ஜனவரி என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பிப்ரவரி என்பார் கடையின் கணக்குப் பார்ப்பவர். பொங்கல் வருகிற மாதத்தில் கூட்டம் வரத்தான் செய்யும், பொங்கல் முடிந்த மாதத்தில் கடை காற்று வாங்கத்தான் செய்யும். அந்த வழக்கமான ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஜனவரி 46.5 லட்சம், பிப்ரவரி 47.2 லட்சம். பிப்ரவரி ஒரு நூலளவு மேல்.

இப்படிக் கழிப்பதற்குத் தேவைப்படுவதுதான் பருவக் குறியீடு. சராசரி மாதத்தை 100 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதத்தின் வழக்கமான விற்பனை எவ்வளவு என்று சொல்லும் எண் அது. இந்தக் கடைக்கு ஜனவரி 107.6, பிப்ரவரி 67.8. மாத விற்பனையைக் குறியீட்டால் வகுத்து 100ஆல் பெருக்கினால் கிடைப்பது பருவம் நீக்கிய விற்பனை. கணக்கு அவ்வளவுதான். அந்த எண்ணை நம்பலாமா என்று சோதிப்பதில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். பன்னிரண்டு குறியீடுகளும் கூட்டினால் 1200 வருகிறது, சரி என்று டிக் அடித்துவிட்டு, அடுத்த வருடத் துணி கொள்முதலுக்கு ஆர்டர் போடப் போய்விடுகிறார்கள்.

கூட்டுத்தொகை 1200 வந்தும் கணக்கு தப்பாக இருக்க முடியும். எப்படி என்று ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளங்குவதற்காக நானே அமைத்தவை. தீபாவளித் தேதிகள் மட்டும் காலண்டரில் உள்ளவை.

நடுத்தர ஊர், ஒரே கடை. 2022 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை 36 மாத விற்பனை கையில் இருக்கிறது. 2022இல் மொத்தம் 520 லட்சம், 2023இல் 548, 2024இல் 574. வருடத்துக்கு ஐந்து சதவீதம் போல வளர்ச்சி, நிதானமான கடை.

முதலில் ஒவ்வொரு மாதத்துக்கும் பக்கத்தில் அந்தக் காலத்தின் சராசரி வேண்டும். ஒரு முழு வருடத்தின் பன்னிரண்டு மாதங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் பொங்கல், ஆடி, தீபாவளி எல்லாமே ஒரு முறை உள்ளே வந்துவிடும், பருவத்தின் ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். ஆனால் பன்னிரண்டு இரட்டை எண். அதன் நடு, ஜூனுக்கும் ஜூலைக்கும் இடையில் விழும். அதனால் ஒரு மாதம் தள்ளி இன்னொரு பன்னிரண்டு மாதச் சராசரி எடுத்து, இரண்டின் நடுவை ஜூலைக்கு நேரே எழுதுவார்கள். இதற்கு மையப்படுத்திய நகரும் சராசரி என்று பெயர். எக்செல்லில் முதல் வரி தலைப்பு, இரண்டாவது வரியில் 2022 ஜனவரி, B பத்தியில் விற்பனை என்றால், 2022 ஜூலைக்கு நேரே இதைத் தட்டச்சு செய்யவேண்டும்:

```
C8: =(AVERAGE(B2:B13)+AVERAGE(B3:B14))/2
D8: =B8/C8*100
```

D பத்தியில் வருவது விகிதம். அந்த மாத விற்பனை, சுற்றியுள்ள காலத்தின் சராசரியில் எத்தனை சதவீதம் என்று அது சொல்கிறது. ஒரே மாதத்தின் விகிதங்களை வருடவாரியாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்த மாதத்தின் பருவக் குறியீடு. அமெரிக்காவில் ஃபிரெடரிக் மெக்காலே 1920களில் செம்மைப்படுத்தி, 1931இல் வெளிவந்த தன் நூலில் விளக்கிய வழி இது. இன்றைக்கும் பெரிய மென்பொருள்களின் அடிவயிற்றில் இருப்பது இதன் வாரிசுகள்தான்.

முதல் சோதனையை இங்கேயே செய்துவிடலாம். C பத்தியில் முதல் எண் ஏழாவது மாதத்துக்கு நேரே தொடங்கி, முப்பதாவது மாதத்துக்கு நேரே, அதாவது 2024 ஜூனில், முடியவேண்டும். முதல் ஆறு மாதமும் கடைசி ஆறு மாதமும் காலியாகத்தான் இருக்கும். முதல் எண் பன்னிரண்டாவது மாதத்துக்கு நேரே இருந்தால், யாரோ கடந்த பன்னிரண்டு மாதச் சராசரியைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வளர்கிற கடையில் அப்படிப் போட்டால் எல்லா விகிதமும் கொஞ்சம் உப்பிவிடும்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் வருகிற எளிய சராசரி முறை. மூன்று ஜனவரிகளின் சராசரியை 36 மாதச் சராசரியால் வகுத்துவிடுவது. நம் கடைக்கு அப்படிப் போட்டால் ஜனவரி 105, டிசம்பர் 106. நகரும் சராசரி வழியில் ஜனவரி 107.6, டிசம்பர் 103.6. வரிசையே மாறிவிட்டது பாருங்கள். எளிய முறையில் டிசம்பருக்குக் கிடைத்த கூடுதல் மதிப்பு பருவத்தால் வந்ததல்ல. வருடம் முழுக்கக் கடை வளர்ந்துகொண்டே வந்ததால், வருடக் கடைசியில் இருக்கும் மாதத்துக்கு அந்த வளர்ச்சியும் சேர்த்து எழுதப்பட்டுவிட்டது. இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்து, வருடத் தொடக்க மாதங்கள் ஒன்றில் தாழ்ந்தும் கடைசி மாதங்கள் உயர்ந்தும் தெரிந்தால், குறியீட்டுக்குள் வளர்ச்சி புகுந்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

இனி 1200. நம் கடையின் பன்னிரண்டு குறியீடுகளையும் கூட்டினால் 1200.5 வருகிறது. ஒவ்வொன்றையும் 1200/1200.5ஆல் பெருக்கிச் சரிசெய்துவிட வேண்டியதுதான். இது பத்துப் பன்னிரண்டு விலகியிருந்தால் ஏதோ ஒரு மாத விற்பனை தப்பாக ஏறியிருக்கிறதா, ஒரு பூஜ்யம் கூடியதா என்று தேடவேண்டும். அரை மட்டும் விலகினால் தசமத் திருத்தம்தான். பிரமாதமாக இருக்கிறது.

வகுத்தது சரிதானா என்பதற்கும் பார்த்தவுடன் தெரியும் ஓர் அடையாளம் உண்டு. குறியீடு 100க்குக் கீழே உள்ள மாதங்களில் பருவம் நீக்கிய விற்பனை அசலைவிடக் கூடவேண்டும், மேலே உள்ள மாதங்களில் குறையவேண்டும். பிப்ரவரியின் 32 லட்சம் 47.2 ஆனது அதனால்தான். அது 21.7 என்று வந்திருந்தால், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறார்கள். இந்தத் தவறு நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது, ஏனென்றால் வருங்கால விற்பனையைக் கணிக்கும்போது அதே குறியீட்டால் பெருக்கத்தான் வேண்டும். இரண்டு பத்தியும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், கை மாறிவிடும்.

இவ்வளவும் பாஸ். இப்போது 2024இன் கடைசி ஐந்து மாதங்கள்:

| மாதம் | விற்பனை (லட்சம்) | குறியீடு | பருவம் நீக்கியது |
|---|---|---|---|
| ஆகஸ்ட் | 44 | 91.6 | 48.0 |
| செப்டம்பர் | 36 | 75.8 | 47.5 |
| அக்டோபர் | 116 | 194.1 | 59.8 |
| நவம்பர் | 36 | 118.3 | 30.4 |
| டிசம்பர் | 51 | 103.6 | 49.2 |

கடைசிப் பத்தியை முதலாளி பார்த்தால் என்ன சொல்வார்? “அக்டோபர்ல ஓகோன்னு போச்சு, நவம்பர்ல என்னய்யா ஆச்சு?” என்பார். நவம்பரில் விற்பனை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்துவிட்டதுபோலத் தெரிகிறது. பக்கத்துத் தெருவில் புதுக்கடை திறந்ததா, விற்பனையாளர்கள் சோம்பினார்களா என்று விசாரணை தொடங்கும்.

விசாரிக்க வேண்டியது கடையை அல்ல, 118.3 என்ற எண்ணை. அது எங்கிருந்து வந்தது? 36 மாதத்தில் முதலும் கடைசியுமாகப் பன்னிரண்டு மாதங்கள் போனபிறகு மிஞ்சியவை 24 விகிதங்கள், ஒரு மாதத்துக்கு இரண்டே இரண்டு. நவம்பருக்கு 2022இன் விகிதம் 72.6, 2023இன் விகிதம் 164.0. சராசரி 118.3. அக்டோபருக்கு 2022இல் 236.8, 2023இல் 151.6. சராசரி 194.2, திருத்தியபின் 194.1. மற்ற மாதங்களைப் பார்த்தால், டிசம்பருக்கு 104, 103. பிப்ரவரிக்கு 67, 68. இப்படி ஒட்டிக்கொண்டு போகிற விகிதங்களுக்கு நடுவில் 72ம் 164ம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்றால், அவற்றின் சராசரி எந்த வருடத்து நவம்பரையும் குறிக்கவில்லை. நம் கடை வாழ்நாளில் 118 என்ற நவம்பரைக் கண்டதே இல்லை.

காரணம் தீபாவளி. 2022இல் அது அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. துணி விற்பது பண்டிகை நாளில் அல்ல, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்தில். 2022இல் அந்த மூன்று வாரமும் அக்டோபருக்குள் அடங்கிவிட்டது. 2023இல் பத்து நாள் அக்டோபரில், பதினோரு நாள் நவம்பரில். கூட்டம் நெரியும் கடைசி வாரம் முழுவதும் நவம்பரில். 2024இல் மறுபடியும் எல்லாம் அக்டோபரில். ஆக, அக்டோபர் தீபாவளி வருடம் ஒன்றையும் நவம்பர் தீபாவளி வருடம் ஒன்றையும் சேர்த்து அரைத்து எடுத்த குறியீட்டை, முழுக்க அக்டோபர் தீபாவளியான 2024மேல் வைத்திருக்கிறோம். அக்டோபர் வீங்கியதும் நவம்பர் வற்றியதும் அதனால்தான்.

1200 சோதனை இதை ஏன் பிடிக்கவில்லை என்பதும் இப்போது தெளிவு. தீபாவளி விற்பனை ஒரு மாதத்திலிருந்து பக்கத்து மாதத்துக்கு நகர்கிறது, வருடத்தை விட்டு வெளியே போவதில்லை. அக்டோபரில் குறைந்தது நவம்பரில் கூடியது, கூட்டுத்தொகை அசையவே இல்லை. பருவம் நீக்கிய எண்ணைக் குறியீட்டால் பெருக்கி, அசல் விற்பனை திரும்ப வருகிறதா என்று பார்க்கும் சோதனையும் பிடிக்காது. தப்பான குறியீட்டால் வகுத்து அதே தப்பான குறியீட்டால் பெருக்கினால் அசல் வரத்தானே செய்யும்? அந்தச் சோதனை கூட்டல் கழித்தல் பிழையை மட்டும்தான் பிடிக்கும்.

இன்னும் நயமான இடம் ஒன்று இருக்கிறது. குறியீடு தப்பு என்றால் பருவம் நீக்கிய பிறகும் அந்த மாதம் வருடாவருடம் ஒரே பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அதைத் தேடுங்கள் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். பொதுவாக நல்ல யோசனைதான். நம் கடையில் அது பலிக்காது. அக்டோபர், நவம்பர் எண்களை வரிசையாகச் சொல்கிறேன்: 2022இல் 53.6, 27.1. 2023இல் 36.1, 64.2. 2024இல் 59.8, 30.4. நவம்பர் ஒரு வருடம் கீழே, ஒரு வருடம் மேலே, மறுபடி கீழே. ஒரே பக்கமாக நிற்கவில்லை. தேடவேண்டிய அடையாளம் இங்கே வேறு. பக்கத்துப் பக்கத்து இரண்டு மாதங்கள் ஏற்றப்பலகையில் உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறதா? அப்படியானால் நடுவில் ஏதோ ஒன்று மாதம் தாண்டிப் போய் வருகிறது.

உறுதிசெய்ய இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 2022இல் அக்டோபர், நவம்பர் விகிதங்களின் கூட்டு 309.4. 2023இல் 315.6. தனித்தனியாகப் பார்த்தால் மடங்குக்கணக்கில் மாறுகிற எண்கள், சேர்த்துப் பார்த்தால் இரண்டு சதவீதத்துக்குள் நிற்கின்றன. தீபாவளியின் அளவு மாறவில்லை, இடம்தான் மாறியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 2024இல் இரு மாதமும் சேர்ந்து விற்றது 152 லட்சம். அதைக் கூட்டுக் குறியீடான 312.4ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் மாதத்துக்கு 48.7 லட்சம். ஆகஸ்ட் 48.0, செப்டம்பர் 47.5, தீபாவளி மாதங்கள் 48.7, டிசம்பர் 49.2. நவம்பரில் எதுவும் சரியவில்லை. கடை தன் பாட்டுக்கு மெல்ல வளர்ந்துகொண்டு போகிறது.

வருட மொத்தமும் ஒத்துப்போகிறது. பருவம் நீக்கிய பன்னிரண்டு மாதங்களைக் கூட்டினால் அசல் வருட மொத்தத்துக்கு அருகில் வரவேண்டும், அச்சாக அதே எண் வரவேண்டியதில்லை. பழைய குறியீட்டோடு 2024இன் கூட்டு 565, அசலோ 574. திருத்தியபின் 572.5. ஒன்றரை சதவீத இடைவெளி கால் சதவீதமாகச் சுருங்கியது. முதல் இடைவெளியை மட்டும் வைத்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஆனால் பிழை இருக்கும் இடம் தெரிந்தபின் இது நல்ல துணைச் சாட்சி.

தனித்தனி மாத எண்கள் வேண்டுமென்றால், 2024க்கு 2022இன் விகிதங்களையே எடுத்துக்கொள்ளலாம், இரண்டுமே அக்டோபர் தீபாவளி என்பதால். அக்டோபர் 49.0, நவம்பர் 49.6 என்று வருகிறது. (மொத்தம் 1200க்குக் கொஞ்சம் குறையும், அதைச் சரிசெய்தால் இரண்டிலும் பத்தாயிரம் ரூபாய்போலக் குறையும்.) ஒரே ஒரு வருட விகிதத்தின்மேல் நிற்கிற குறியீடு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அந்த ஒரு வருடத்தில் தீபாவளிக்கு முந்தைய வாரம் மழை கொட்டியிருந்தால் அந்த மழையும் குறியீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

தீபாவளி செய்யும் சேட்டை அக்டோபர், நவம்பரோடு முடிவதில்லை. நகரும் சராசரி பன்னிரண்டு மாதங்களைச் சேர்க்கிறது அல்லவா? 2022 நவம்பர் முதல் 2023 அக்டோபர் வரை உள்ள பன்னிரண்டு மாதத்தில் இருப்பது அரைத் தீபாவளிதான். 2022இன் பண்டிகை அதற்கு முன்பே முடிந்துவிட்டது, 2023இன் பண்டிகை பாதிதான் உள்ளே. அந்த மொத்தம் 502 லட்சம். அடுத்த வருடம் அதே நவம்பர் முதல் அக்டோபர் வரை ஒன்றரைத் தீபாவளி வந்துவிடுகிறது, மொத்தம் 611. இந்தச் சராசரிகளின் நடு விழுவது ஏப்ரல், மே மாதங்களில். அதனால் ஏப்ரல் விகிதம் ஒரு வருடம் 92.5, மறுவருடம் 85.7. தீபாவளிக்குச் சம்பந்தமே இல்லாத கோடை மாதத்தில் ஏழு புள்ளி ஆட்டம். ஏப்ரல் விற்பனையைத் தோண்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், அங்கே ஒன்றும் இல்லை.

ஆனால் ரம்ஜானுக்குத் துணி எடுக்கும் குடும்பங்கள் அதிகம் வருகிற கடையாக இருந்தால் ஏப்ரலில் நிஜமாகவே ஏதாவது இருக்கலாம். அந்தப் பெருநாள் 2022இல் மே 3, 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 11. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும், தீபாவளிபோலத் திரும்பிப் போகாது. பொங்கலும் ஆடித் தள்ளுபடியும் இந்த வம்பைத் தருவதில்லை. இரண்டும் சூரியக் கணக்கில் வருபவை, ஆங்கிலத் தேதியோடு அநேகமாக ஒட்டியே இருக்கும். தீபாவளி திதியைப் பார்த்து வருவது. எந்தப் பண்டிகை எந்தக் கணக்கில் நகர்கிறது என்று தெரிந்தவருக்கு எந்தக் குறியீட்டை முதலில் சந்தேகிப்பது என்றும் தெரிந்துவிடும்.

மேல்நாட்டில் ஈஸ்டர் இதே வேலையைச் செய்கிறது, மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் போய்வந்துகொண்டு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 1965இல் வெளியிட்ட X-11 முறையின் இன்றைய வழித்தோன்றலான X-13ARIMA-SEATS மென்பொருளில், பண்டிகைக்கு முந்தைய எத்தனை நாள் எந்த மாதத்தில் விழுகிறது என்று கணக்கிட்டு அந்த விளைவைத் தனியாகப் பிரித்தெடுத்த பிறகுதான் பருவக் குறியீட்டுக்கே போகிறார்கள். சிறு கடைக்கு அந்த மென்பொருள் வேண்டாம். அதன் யோசனை மட்டும் போதும்.

2026இல் தீபாவளி நவம்பர் 8. முந்தைய மூன்று வாரத்தில் பதினான்கு நாள் அக்டோபரில், ஏழு நாள் நவம்பரில். 2022 மாதிரியும் இல்லை, 2023 மாதிரியும் இல்லை. கூட்டுக் குறியீடு 312 அப்படியே இருக்கும், அதை இரண்டு மாதத்துக்கும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் கேள்வி. நாட்களின் எண்ணிக்கைப்படி மூன்றில் இரண்டு பங்கு அக்டோபருக்கு என்று பிரித்தால் தப்பாகும், கடைசி வாரத்தில்தான் விற்பனை குவியும். விடை பில்லிங் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. மூன்று வருடத்து நாள்வாரி விற்பனையை எடுத்து, தேதியை விட்டுவிட்டு, தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணி அடுக்கவேண்டும். இருபத்தொன்றாம் நாள், இருபதாம் நாள், கடைசியில் முந்தைய நாள். கடைசி ஏழு நாளில் பண்டிகை விற்பனையின் எத்தனை பங்கு நடக்கிறது என்று அந்த அடுக்கு சொல்லிவிடும். அந்தப் பங்குதான் 2026 நவம்பருக்குப் போகவேண்டியது.